ஐந்து கட்டையும் ஐம்பது ஹெர்ட்ஸும்

தொண்ணூறுகளில் ஹைதராபாத்தில் பதிவான கேசட்டில் கரண்ட் இரைச்சலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒன்றை மறந்துவிட வேண்டும்: அது ஐம்பது ஹெர்ட்ஸில் இருக்கும் என்ற எண்ணத்தை. நம் நாட்டு மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ் என்று பள்ளியில் படித்தோம். அது இலக்கு. அன்றைய தென்மண்டல மின்கட்டமைப்பு அந்த இலக்கில் நின்ற நேரம் குறைவு.

காரணம் எளிது. ராமகுண்டம் அனல்மின் நிலையத்தின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் வரும். ஊரில் விளக்கும் பம்புசெட்டும் கேட்கும் அளவுக்கு உற்பத்தி இல்லாதபோது, இருக்கிற டர்பைன்களின் மேல் சுமை ஏறி, அவை மெதுவாகச் சுற்றும். 2,940 சுற்றுக்கு இறங்கினால் 49 ஹெர்ட்ஸ். ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் என்று தெற்கு முழுவதும் ஒரே பிணைப்பில் சுற்றியதால் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்கும். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் 49-க்குக் கீழே போவது அப்போது சாதாரணம். ஊர் தூங்கிய பிறகு 50-ஐத் தாண்டி ஏறியதும் உண்டு. 2003 ஜனவரியில் அலைவெண்ணைப் பார்த்து மின்சாரத்துக்கு விலை வைக்கும் முறை தெற்கே நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்த ஆட்டம் அடங்கத் தொடங்கியது.

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிச் சீர்செய்வது என் தொழில். இதில் நான் மிகவும் நேசித்துச் செய்த வேலை ஒரு கேசட்டின் ஒரே பக்கம், 45 நிமிடம். செகந்திராபாத் மாரேட்பள்ளியில் ஒரு வீட்டில் 1996 நவராத்திரிக்கு நடந்த கச்சேரி. பாடியவர் அந்த வீட்டு அம்மாள். வயலின், மிருதங்கம், தம்புரா உண்டு. கொண்டு வந்த மகள் இரண்டே வாக்கியம் சொன்னார்: "அடியில ஒரு உர்ர்ருனு சத்தம் வருது சார், அதை எடுத்துடுங்க. ஆனா தம்புராவைத் தொட்டுடாதீங்க, அது அம்மாவே சேர்த்த சுருதி."

அவர் கேட்டது எவ்வளவு கடினமான காரியம் என்பது ஸ்பெக்ட்ரத்தைத் திறந்ததும் தெரிந்தது. அந்த அம்மாளின் சுருதி ஐந்து கட்டை. ஐந்து கட்டை ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவின் நாலு தந்தியில் மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 98. மந்தர பஞ்சமம் 147. இப்போது மின்சாரம் 49-க்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இரைச்சல் ஒற்றை ஒலியாக வராது. அடிப்படை அலைவெண்ணும் அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். 49, அதன் இரட்டிப்பு 98, மும்மடங்கு 147, நான்கு மடங்கு 196. அதாவது மந்தர ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம். இறங்கிப்போன தென்மண்டல மின்சாரம் ஐந்து கட்டைக்குச் சுருதி சேர்த்த தம்புராவாகவே ஒலிக்கிறது. நமக்குக் கேட்பதும் பெரும்பாலும் இந்த மடங்குகள்தான். 49-ஐ ஒட்டிய ஒலியைக் காது உணர 44 டெசிபெல் வேண்டும். 100-க்கு 26 போதும். 200-க்கு 14 போதும். சிறிய ஸ்பீக்கரில் 49 அறவே வராது. ஆகவே எடுக்க வேண்டிய இரைச்சலும் காப்பாற்ற வேண்டிய தம்புராவும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

எதை வெட்டுவதற்கும் முன்னால், அந்த இரைச்சல் யாருடையது என்று பார்த்துவிட வேண்டும். கேசட்டை வெளியே எடுத்துவிட்டு டெக்கில் பிளே பொத்தானை அழுத்திப் பதிவு செய்தேன். நாடாவே இல்லை, ஆனாலும் ஸ்பெக்ட்ரத்தில் 50, 150, 250, 350 என்று கோடுகள் நின்றன. இது 1996-ன் இரைச்சல் அல்ல, என் மேசையின் இன்றைய இரைச்சல். டெக்கின் ஹெட் என்பது ஒரு கம்பிச் சுருள். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் காந்தப்புலத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். நாடாவிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி இயல்பாகவே பலவீனமானது என்பதால் டெக்குக்குள் இருக்கும் சுற்று அதைத் தூக்கிவிடுகிறது. அதோடு இந்த இரைச்சலும் தூக்கப்படுகிறது. 50-லிருந்து நூறு நூறாகத் தாண்டி ஒற்றைப்படை மடங்குகள் ஓங்கி நின்றால் சந்தேகம் டிரான்ஸ்ஃபார்மர் மேல் போக வேண்டும். 100, 200, 300 என்று இரட்டைப்படை மடங்குகள் ஓங்கினால் பவர் சப்ளையில் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். எனக்கு வந்தது முதல் வகை. டெக்கின் அருகே இரும்புக் கரு வைத்த பழைய கால அடாப்டர் ஒன்று சொருகியிருந்தது. இத்தகைய காந்தப்புலம் தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். அடாப்டரை ஒரு கை நீளத்துக்கு அப்பால் வைத்ததும் அந்தக் கோடுகள் நாடாவின் இயல்பான 'ஸ்ஸ்' ஓசைக்குள் மறைந்தன. இன்னொரு பொதுவான காரணம் எர்த் லூப்: இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த் ஆகி, நடுவில் இருக்கும் ஆடியோ கேபிளில் மின்னோட்டம் ஓடுவது. அதற்கு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது வந்தால் கருவியின் உலோக உடலே உயிரை வாங்கும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கேசட்டைத் திரும்பப் போட்டேன். இப்போது மிஞ்சியது முழுக்க அந்த வீட்டின் இரைச்சல். அது எங்கே நிற்கிறது?

இங்கேதான் ஸ்பெக்ட்ரம் பார்க்கும் முறை முக்கியமாகிறது. விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்த ஒலியை 4,096 மாதிரிகள் கொண்ட துண்டாக அலசினால், திரையில் ஒரு கட்டம் ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸ் அகலம். 49-ம் 50-ம் ஒரே கட்டத்துக்குள் விழும். இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். துண்டை நீட்டினால் கட்டம் சிறுக்கும். 5,24,288 மாதிரிகள், அதாவது ஏறத்தாழ 11 விநாடி எடுத்தால் ஒரு கட்டம் பத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. ஆனால் அந்த 11 விநாடிக்குள் இரைச்சல் நகர்ந்துவிட்டால் கோடு கரைந்துபோகும். அலைவெண்ணைத் துல்லியமாகப் பார்ப்பதா, நேரத்தைத் துல்லியமாகப் பார்ப்பதா என்ற இழுபறி இந்தத் தொழிலில் என்றும் தீராதது. இதிலிருந்து தப்ப ஒரு வழி, உயர்ந்த மடங்கில் பார்ப்பது. அடிப்படை பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஏழாம் மடங்கு பத்தில் ஏழு ஹெர்ட்ஸ் நகரும். சின்னத் துண்டிலேயே நகர்வு தெரிந்துவிடும்.

எந்த மடங்கு? தம்புராவின் தந்திகள் 98-ன் மடங்குகளையும் 147-ன் மடங்குகளையும் நிரப்பிவிடுகின்றன. அதனால் இரைச்சலின் இரட்டைப்படை மடங்குகள் எல்லாம் தம்புராவுக்குள் போய்விட்டன. மூன்றால் வகுபடுகிறவையும் போய்விட்டன. மிஞ்சுவது ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. ஐந்தாம் மடங்கு 245, அது அந்தர காந்தாரம். கல்யாணியோ சங்கராபரணமோ பாடினால் குரல் அங்கே வந்து நிற்கும். ஏழாம் மடங்கு 343. ஐந்து கட்டையில் அது தைவதத்துக்கு மேலே, கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே. பாடகர் எவரும் நின்று கார்வை கொடுக்காத இடம். தம்புராவும் அங்கே இல்லை. இரைச்சல் தனியாக அகப்பட்ட மடங்கு அதுதான். அந்தக் கணக்கை முடித்த இரவு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

343-ஐச் சுற்றிய பகுதியை மட்டும் விரித்து, 45 நிமிடத்துக்கும் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டேன். மெல்லிய ஒரு கோடு. தொடக்கத்தில் 345-ஐ ஒட்டி, பிறகு மெல்ல இறங்கி, முக்கால்வாசியில் 341-ஐத் தொட்டு, ஓரிடத்தில் சட்டென்று ஏறியது. ஏழால் வகுத்தால் 49.3-லிருந்து 48.7 வரை. மாலை மங்கும்போது விளக்குகள் ஏற ஏற மின்சாரம் இறங்குவதும், எங்கோ ஒரு பகுதியை இருட்டாக்கியதும் மீள்வதும் அப்படியே தெரிந்தது.

நகர்ந்தது மின்சாரம்தானா, அல்லது கேசட்டின் ஓட்டமா என்ற கேள்வி நியாயமானது. நாடாவின் வேகம் மாறினால் எல்லா ஒலியும் சேர்ந்து நகரும். மின்சாரம் மாறினால் இரைச்சல் மட்டும் நகரும். தம்புராவின் மந்தர ஷட்ஜம் 45 நிமிடமும் 98.2-லேயே, கேசட்டுக்கு உரிய சின்ன அசைவோடு நின்றது. ஆகவே மின்சாரம்தான். இதைப் பார்க்காமல், மேலைநாட்டு வழக்கப்படி ஹம்மை 50-க்குக் கொண்டுவந்து நாடாவின் வேகத்தைத் திருத்துகிறவர்கள் உண்டு. அங்கே மின்சாரம் 50-ஐ விட்டு அதிகம் அசைவதில்லை, அதனால் அந்த முறை செல்லும். இங்கே அதைச் செய்தால் அம்மாளின் சுருதி அரைக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறுவதாகத் தோன்றும் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். கணக்குப் போட்டால் 49-க்கும் 50-க்கும் இடையே அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவே சங்கீதத்தில் பெரிய குற்றம். மின்சாரத்தின் வேகத்துக்கே சுழலும் மோட்டார் வைத்த சில பெரிய நாடாக் கருவிகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பதிவின்போது நாடாவும் இரைச்சலும் ஒன்றாக மெதுவாகும், இன்றைக்கு ஓட்டினால் இரைச்சல் 50-ல் நேர்கோடாக நிற்க, தம்புரா அலையும். அங்கே திருத்த வேண்டியது தம்புராவை. வீட்டுக் கேசட் டெக்குகளில் பெரும்பாலும் டி.சி. மோட்டார், அந்தச் சிக்கல் இல்லை.

தடயவியல்காரர்கள் இதே வளைகோட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ருமேனியாவின் கேட்டலின் கிரிகோராஸ் இந்தத் துறைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். லண்டன் காவல்துறை மின்கட்டமைப்பின் அலைவெண்ணை விடாமல் பதிவு செய்துவைத்து, ஒலிப்பதிவின் ஹம்மோடு ஒப்பிட்டு, அது எப்போது எடுத்தது, நடுவில் வெட்டினார்களா என்று பார்க்கிறது. எனக்குத் தேதி தேவையில்லை. ஒவ்வொரு விநாடியும் இரைச்சல் எங்கே இருந்தது என்பது மட்டும் போதும்.

இனி எடுப்பது. எல்லாரும் முதலில் கை வைப்பது நாட்ச் ஃபில்ட்டரில்: குறிப்பிட்ட அலைவெண்ணில் மட்டும் ஒரு குறுகிய பள்ளம். இங்கே அது மூன்று விதத்தில் உதவாது. ஒன்று, இரைச்சல் நகர்கிறது. ஏழாம் மடங்கில் நான்கு ஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்திருக்கிறது. பள்ளத்தை அவ்வளவு அகலமாக வெட்டினால் சங்கீதமும் போகும். இன்னொன்று, பள்ளம் குறுகக் குறுக அது மணியைப் போல நீண்டு ஒலிக்கும். ஒரு ஹெர்ட்ஸ் அகலப் பள்ளத்தின் அதிர்வு முழுதாக அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். மிருதங்கத்தின் தொப்பியில் ஓர் அடி விழுந்தால், அடி முடிந்த பிறகும் அடியில் ஒரு 'ம்ம்' இழுத்துக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, 98-ல் பள்ளம் வெட்டினால் தம்புராவின் மந்தரத் தந்தி அறுந்த மாதிரிதான். மகள் கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று அது.

49-ல் மட்டும் நாட்ச் போடலாம். அங்கே சங்கீதம் எதுவும் இல்லை. மற்றவற்றுக்குக் கழிக்கும் முறையை எடுத்தேன். இரைச்சலைப் போலவே ஓர் அலையைக் கணினியில் உண்டாக்கி, அதைப் பதிவிலிருந்து கழிப்பது. அதற்கு மூன்று வேண்டும்: அலைவெண், உயரம், அலை எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்ற கட்டம். அலைவெண் ஏழாம் மடங்கின் வளைகோட்டிலிருந்து கிடைத்துவிட்டது. 98, 147, 196-ல் உயரமும் கட்டமும் எப்படி அறிவது? அங்கே அளக்கப் போனால் தம்புராவைத்தான் அளப்போம்.

விடை கேசட்டின் தொடக்கத்தில் இருந்தது. பதிவை ஆரம்பித்துவிட்டுத் தம்புரா மீட்டுவதற்கு முன்னால் சில விநாடிகள், பாய் இழுபடும் ஓசையும் யாரோ "மெதுவா, மெதுவா" என்பதும் மட்டுமே. அந்த இடத்தில் இரைச்சல் தனியாக இருக்கிறது. அதன் அலையின் வடிவத்தை, அதாவது அடிப்படைக்கு ஒவ்வொரு மடங்கும் எத்தனை பங்கு, எந்தக் கட்டத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை, அங்கே அளந்துகொண்டேன். மடங்குகள் எல்லாம் ஒரே மின்சாரத்தின் பிள்ளைகள். அடிப்படையோடு கட்டுண்டே ஓடுகின்றன. ஆகவே கச்சேரி நடக்கும்போது 49-ஐயும் 343-ஐயும் மட்டும் பின்தொடர்ந்தால், 98-லும் 147-லும் இரைச்சல் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்பதைத் தம்புராவைக் கேட்காமலே கணித்துவிடலாம். தம்புராவைப் பார்க்காத கணக்கு தம்புராவைக் கழிக்காது.

இந்தக் கணிப்புக்கு ஓர் எல்லை உண்டு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஒற்றைப்படை மடங்குகளின் பங்கு வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் இரும்புக் கரு திகட்டுவது குறையும், மூன்றாம் மடங்கும் மெலியும். பாட்டெல்லாம் முடிந்து தம்புரா நின்ற பிறகு கேசட்டின் கடைசியில் இருந்த மௌனத்தை அளந்தபோது, தொடக்கத்தைவிட மூன்றாம் மடங்கு மெலிந்தே இருந்தது. இடையில் அது எப்படி மாறியது என்பதற்குச் சாட்சி இல்லை. அதனால் 147-ல் கணித்த அளவை முழுதாகக் கழிக்காமல், இரண்டில் சிறிய அளவை மட்டுமே கழித்தேன். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும். பஞ்சமத் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும் வரை அது காதுக்குத் தெரியாது. தந்தியின் வலுவான ஒலி அதை மூடிவிடும்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்பதைச் சுத்தமான பதிவைக் கேட்டுத் தீர்மானிக்கவே முடியாது. காது சீக்கிரம் பழகிவிடும். நான் நம்புவது கழிவை: பழைய பதிவிலிருந்து புதியதைக் கழித்தால் நாம் எடுத்து எறிந்தது மட்டும் மிஞ்சும். அதைச் சத்தமாக வைத்துக் கேட்பேன். ஒரே சீரான உறுமல் மட்டும் வந்தால் நல்லது. அதில் தந்தி மீட்டுவதோ, தொப்பியின் அடியோ, குரலின் நிழலோ கேட்டால் எடுக்கக் கூடாததை எடுத்திருக்கிறோம். இந்தக் கழிவில் ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் தம்புரா மெல்ல எட்டிப் பார்த்தது. ஸ்பெக்ட்ரத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் மின்சாரம் சரியாக 49.1-ல் இருக்கிறது, அதன் இரட்டிப்பு 98.2, தம்புராவின் மந்தரம் அதே 98.2. அதற்கு முன்னால் இரண்டுக்கும் இடையே 0.4 ஹெர்ட்ஸ் வித்தியாசம், இரண்டரை விநாடிக்கு ஒருமுறை எழுந்து அடங்கும் விம்மல். அது மெதுவாகி, மெதுவாகி, இந்த இடத்தில் நின்றுபோகிறது; இரண்டும் கலந்துவிட்டன. இப்படிக் கலக்கும்போது மந்தரத்தின் பக்க அலைகள் 49-ஐப் பின்தொடரும் கணக்கையும் கொஞ்சம் இழுத்துவிட்டன. அந்தச் சில நிமிடங்களுக்கு 98-ல் கழிப்பதையே நிறுத்தினேன். சுருதி சேர்ந்துவிட்ட இரைச்சல் யாரையும் தொந்தரவு செய்யாது.

வேலை முடிந்ததும் மகளுக்கு இரண்டு கோப்புகள் கொடுத்தேன்: எதையும் தொடாத நேர்ப்பதிவு ஒன்று, சீர்செய்தது ஒன்று. தொடாததைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். நாளை இதைவிட நல்ல முறை வரும், அப்போது அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு அவர், "தம்புரா கிட்ட வந்துட்ட மாதிரி இருக்கு சார்" என்றார். விம்மல் போனதால்தான் அப்படி.

அவர் பிறகு அதே வீட்டில் 2015-க்குப் பின் கைபேசியிலும் சிறு ரெக்கார்டரிலும் எடுத்த பதிவுகளையும் கொண்டு வந்தார். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் தென்மண்டலத்தை நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக இணைத்துவிட்டது. இப்போது விதிப்படி அலைவெண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவுகளில் ஹம் 100-ல் நிற்கிறது, தம்புரா 98-ல். விநாடிக்கு இரண்டு விம்மல். முன்னைவிட மெலிந்த இரைச்சல்தான், ஆனால் சுருதி சேராததால் காதில் அதிகம் உறுத்துகிறது. எடுப்பது மட்டும் சுலபம். இரண்டு ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் 100-லும் 150-லும் குறுகிய நாட்ச் போட்டாலே தந்திக்குச் சேதமில்லை. 150-க்கும் பஞ்சமத்துக்கும் இடையே மூன்று ஹெர்ட்ஸ் இருக்கிறது. அந்தப் பதிவுகளை ஒரே மதியத்தில் முடித்துவிட்டேன்.